பதினேழு சிவப்பு வட்டங்கள்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்த மாதங்களில், எங்கள் ஊருக்கு அருகே ஒரு சிறிய பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். மூன்றாம் தர ஆசிரியை பிரசவ விடுமுறையில் போயிருந்தார். வகுப்பில் 34 பிள்ளைகள். எல்லோரும் ஏழு வயதுக்காரர்கள். எங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் இதே சஞ்சிகைக்குக் கட்டுரையும் கவிதையும் எழுதியவள் என்பதால், தமிழ்ப் பாடம் எடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. கதை எழுதச் சொல்வேன், திருத்திக் கொடுப்பேன், பிள்ளைகள் முன்னேறுவார்கள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதல் வாரத்தில் "மழை" என்ற தலைப்பைக் கொடுத்தேன். முன்வரிசையில் ஓரமாக இருக்கும் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தாள்:

"இறவு மளை பேஞ்சிச்சி. எங்கட கூறை ஒழுகிச்சி. உம்மா சட்டி வெச்சாங்க. நான் வாலி வெச்சேன். சட்டி டொக் எண்டு சொல்லிச்சி. வாலி டிங் எண்டு சொல்லிச்சி. உம்மா ஒண்டும் சொல்லல்ல. பிறகு விடிஞ்சிச்சி."

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். இறவு, வட்டம். மளை, வட்டம். பேஞ்சிச்சி, வட்டம். எங்கட, வட்டம். 25 சொற்கள் உள்ள அந்தக் கதையில் 17 வட்டங்கள் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே சரியான சொல்லை அழகான எழுத்தில் எழுதினேன். கடைசியில் "எழுத்துப் பிழைகளைக் கவனிக்கவும். மேலும் முயற்சி செய்க" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான் எழுதித் தந்தார்கள். ஒரு பிழையையும் விடாமல் பார்த்த திருப்தியோடு கொப்பியை மூடினேன்.

அடுத்த வாரம் "எனது வீடு" என்ற தலைப்பு. அதே பிள்ளை எழுதியது இது: "எனது வீடு அழகானது. எனது உம்மா நல்லவர். எனக்கு மழை பிடிக்கும்."

ஒரு பிழையும் இல்லை. "மழை"கூடச் சரியாக வந்திருந்தது. "மிக நன்று" என்று எழுதினேன். ஒரே வாரத்தில் இப்படி ஒரு முன்னேற்றமா என்ற பெருமையில், அடுத்த வகுப்பு ஆசிரியையிடம் இரண்டு பக்கங்களையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் 20 வருடங்களுக்கு மேலாகச் சின்ன வகுப்புகளிலேயே படிப்பித்துக்கொண்டிருப்பவர்.

முதல் பக்கத்தை அவர் மெதுவாக வாசித்தார். "உம்மா ஒண்டும் சொல்லல்ல" என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இரண்டாம் பக்கத்தை வாசித்தார். கொப்பியை என்னிடம் திருப்பித் தந்து, "மகள், முதல் கதையை எழுதின பிள்ளை எங்க?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. கூரை ஒழுகிய ஓர் இரவை, பாத்திரங்கள் பேச ஒரு தாய் பேசாமல் இருந்ததை, எட்டு வசனங்களில் ஒரு பிள்ளை எனக்குச் சொல்லியிருந்தாள். அவள் சொன்னதை நான் கேட்டதாக அந்தப் பக்கத்தில் ஓர் அடையாளமும் இல்லை. தன் கதை டீச்சருக்குத் தேவையில்லை, பிழையில்லாத சொற்கள்தான் தேவை என்று அவள் எடுத்துக்கொண்டாள். தனக்கு நிச்சயமாக எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து மூன்று வசனம் எழுதித் தந்துவிட்டாள். அவளுடைய வீடு "அழகானது" ஆகிவிட்டது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, மழைக் கதையை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னேன். அவள் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அது பிழைக் கதை டீச்சர்" என்றாள்.

அன்று பின்னேரம் அடுத்த வகுப்பு டீச்சரோடு இருந்து அந்த 17 வட்டங்களையும் மறுபடி எண்ணிப் பார்த்தோம். இரவு "இறவு" ஆனது, மழை "மளை" ஆனது, கூரை "கூறை" ஆனது, வாளி இரண்டு தடவை "வாலி" ஆனது. இந்த ஐந்து மட்டுமே எழுத்துப் பிழைகள். மற்றப் பன்னிரண்டும் பிழைகளே அல்ல. "எண்டு", "ஒண்டும்", "சொல்லிச்சி", "வெச்சாங்க" எல்லாம் அவள் வீட்டில் பேசும் சொற்கள். காதில் கேட்டதை எழுத்துக்கு எழுத்துச் சரியாகத்தான் பதிந்திருந்தாள். நாங்கள் வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் எழுதும் தமிழ் இன்னொன்று. ஏழு வயதில்தான் பிள்ளை இரண்டாவதைப் பழகத் தொடங்குகிறாள். அதை ஒரே இரவில் 12 வட்டங்களால் பழக்கிவிட முடியாது.

டீச்சர் தன் வகுப்புக் கொப்பிகள் சிலவற்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு கதைக்குக் கீழும் இரண்டே வரிகள் இருந்தன. முதல் வரியில் கதையில் நன்றாக இருந்த ஒன்று. ஒரு வரி இடம் விட்டு, அடுத்த கதையில் செய்து பார்க்க ஒரு சின்ன இலக்கு. வேறெதுவும் இல்லை. இங்கிலாந்துப் பாடசாலைகளில் "இரண்டு நட்சத்திரங்களும் ஒரு விருப்பமும்" என்று சொல்லி இதைப் போன்ற ஒரு முறையைக் கையாள்கிறார்கள் என்பதை நான் பின்னர் படித்தேன். டீச்சர் அதற்குப் பெயர் எதுவும் வைத்திருக்கவில்லை. "ஒண்டைப் பாராட்டு, ஒண்டைக் கேள்" என்பார்.

பார்க்க லேசான வேலைபோல இருந்தது. எழுதத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தது.

முதலில் பாராட்டு வரி. முதல் கட்டுக் கொப்பிகளில் நான் "அருமை", "அழகான கதை", "கெட்டிக்காரி" என்று மாறி மாறி எழுதினேன். ஒரு பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, "எது டீச்சர் அருமை?" என்று கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கதையை நான் பிழை தேடிப் பார்த்தேனே தவிர வாசிக்கவில்லை.

டீச்சர் எனக்கு ஓர் ஒழுங்கு சொல்லித் தந்தார். கொப்பியைத் திறக்கும்போது கையில் பேனா இருக்கக் கூடாது. கதையை ஒரு தடவை முழுவதும் வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது சிரிப்பு வந்த இடம், பாவமாக இருந்த இடம், "பிறகென்ன?" என்று தோன்றிய இடம் ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். அந்த இடத்தில் விரலை வைக்க வேண்டும். பிறகுதான் பேனாவை எடுத்து, பிள்ளையின் சொற்களையே திருப்பி எழுதி, அந்த இடம் வாசிப்பவருக்கு என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். எழுதி முடித்த பிறகு ஒரு சோதனை உண்டு. அந்த வரியை இன்னொரு பிள்ளையின் கொப்பியில் ஒட்டினாலும் பொருந்துமானால், அது பாராட்டு அல்ல. அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

"அருமை" 34 கொப்பிகளிலும் பொருந்தும். "பூனை உங்கள் பாடசாலைப் பைக்குள் நித்திரை கொண்டது என்று வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது" என்பது ஒரே ஒரு கொப்பியில்தான் பொருந்தும். அதை வாசிக்கும் பிள்ளைக்கு, தான் செய்தவற்றுள் எது வேலை செய்தது என்பது தெரிந்துவிடுகிறது. தெரிந்ததைத்தானே மறுபடி செய்ய முடியும்? இப்போது கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது, ஜோன் ஹட்டி, ஹெலன் டிம்பெர்லி ஆகிய இருவரும் 2007இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையைப் பற்றிப் படித்தோம். பிள்ளை செய்த வேலையைப் பற்றிச் சொல்லாமல் பிள்ளையை மட்டும் "நீ கெட்டிக்காரி" என்று புகழ்வது கற்றலுக்கு அதிகம் உதவுவதில்லை என்று அவர்கள் காட்டியிருந்தார்கள். எனக்கு உடனே "எது டீச்சர் அருமை?" என்ற குரல்தான் ஞாபகம் வந்தது.

அடுத்தது இலக்கு வரி. இதில்தான் நான் அதிகம் சறுக்கினேன்.

ஒரு பிள்ளை இரண்டு வசனத்தோடு கதையை முடித்திருந்தாள். "அடுத்த முறை இன்னும் பெரிதாக எழுதுங்கள்" என்று எழுதினேன். அடுத்த கதையில் அவள் ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு கோடு உயரத்துக்கு எழுதியிருந்தாள். வசனம் அதே இரண்டுதான். "பெரிசா எழுதச் சொன்னீங்களே டீச்சர்" என்று பெருமையாகக் காட்டினாள். அவள் மீது ஒரு பிழையும் இல்லை. நான் கேட்டதை அவள் செய்திருக்கிறாள். நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன்.

"விரிவாக எழுதவும்", "தெளிவாக எழுதவும்", "கவனமாக எழுதவும்" என்பவை பெரியவர்களுக்கு விளங்கும் சொற்கள். அவற்றைக் கேட்ட பிள்ளைக்குப் பென்சிலை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாது. டீச்சர் சொன்ன சோதனை இதற்கும் உண்டு. அடுத்த கதையை எழுதி முடித்ததும், இலக்கைச் செய்தாயா என்று கேட்டால், பிள்ளை தன் கொப்பியில் ஓர் இடத்தைத் தொட்டு "இதோ" என்று காட்ட முடிய வேண்டும். "தெளிவாக" என்பதைத் தொட்டுக் காட்ட முடியாது. "நாய் என்ன நிறம் என்று ஒரு வசனம் எழுதுங்கள்" என்றால் தொட்டுக் காட்டலாம்.

இன்னொரு பிள்ளை கடற்கரைக்குப் போன கதையை ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாள். அதில் 11 தடவை "பிறகு" வந்தது. பிறகு பஸ்ஸில் ஏறினோம், பிறகு இறங்கினோம், பிறகு ஐஸ் பழம் வாங்கினோம். நடந்தவற்றை ஒன்றும் முன்பின் மாறாமல் சொன்னதைப் பாராட்டிவிட்டு, "அடுத்த கதையில் ஓரிடத்தில் 'பிறகு'வுக்குப் பதிலாகத் 'திடீரென்று' போட்டுப் பாருங்கள்" என்று எழுதினேன். அடுத்த கதையில் "திடீரென்று" ஆறு இடத்தில் வந்தது. "திடீரென்று நான் சோறு தின்றேன்" என்றுகூட இருந்தது. நான் திருத்த எழுந்தேன், டீச்சர் தடுத்தார். புதுச் சப்பாத்து வாங்கிய பிள்ளை அதைக் கழற்றாமல் திரிவதுபோலத்தான் புதுச் சொல்லும், கொஞ்ச நாளில் அதற்குரிய இடத்துக்கு வந்துவிடும் என்றார். நான்கு கதைகளுக்குப் பிறகு அப்படியே வந்தது. ஒரு நாய் பாய்ந்த இடத்தில் மட்டும் "திடீரென்று" இருந்தது.

இரண்டு வரிகளையும் இணைப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. "கதை அழகாக இருக்கிறது, ஆனால்..." என்று தொடங்கினால், "ஆனால்" என்பதற்கு முன்னால் உள்ளதைப் பிள்ளை மறந்துவிடுகிறாள். பெரியவர்களும் அப்படித்தானே. அதனால்தான் இடையில் ஒரு வரி வெற்றிடம். இலக்கு எப்போதும் "அடுத்த கதையில்" என்ற சொற்களோடு தொடங்கும். இந்தக் கதை முடிந்துவிட்டது, இதில் குறையில்லை, இனிச் செய்யப்போவதைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதை அந்தச் சொற்கள் சொல்லாமல் சொல்கின்றன.

இவ்வளவும் பழகிய பிறகு, மழைக் கதைக்குத் திரும்பினேன். சிவப்பு மையை அழிக்க முடியாது. ஒரு வெள்ளைத் தாளில் அந்த எட்டு வசனங்களையும் அவள் எழுதியபடியே என் கையால் பிரதி செய்தேன். வட்டங்கள் இல்லாமல் அந்தக் கதையைப் பார்த்தபோது எனக்கே அது புதிதாக இருந்தது. கீழே இப்படி எழுதினேன்:

"சட்டியும் வாளியும் பேசின, உம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிய இடத்தில், அந்த இரவில் நானும் உங்கள் வீட்டில் இருந்ததுபோல எனக்குத் தோன்றியது.

விடிந்த பிறகு உம்மா முதலில் என்ன செய்தார்? ஒரு வசனம் எழுதுங்கள்."

இங்கே மட்டும் "அடுத்த கதையில்" என்று எழுதாமல் அதே கதையைத் தொடரச் சொன்னேன். ஏனென்றால் அந்தக் கதையைத்தான் நான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. இலக்காக எழுத்துப் பிழையை எடுக்காததற்கும் காரணம் உண்டு. "பிறகு விடிஞ்சிச்சி" என்று அவள் முடித்த இடத்தில்தான் வாசிப்பவருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. அவளால் ஒரே வசனத்தில் அதைத் தர முடியும். அதோடு நான் அவளைத் திருத்தாமலே "வாளி" என்ற சொல்லைச் சரியாக எழுதிக் காட்டிவிட்டேன். பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதப்பட்ட வரியைப் பல தடவை வாசிப்பார்கள். சரியான வடிவம் அங்கே இருந்தால் கண்ணில் படும்.

அந்தத் தாளை அவளுக்குப் பக்கத்தில் இருந்து நானே வாசித்துக் காட்டினேன். ஏழு வயதில் பலருக்குப் பெரியவர்களின் கையெழுத்தை வாசிக்க வராது. வாசிக்க முடியாத குறிப்பு, எழுதாத குறிப்புக்குச் சமம். அவள் தாளை வாங்கிக்கொண்டு போனாள். இடைவேளை முடிந்து வரும்போது என் மேசையில் அது இருந்தது. ஒரு வசனம் கேட்டிருந்தேன், இரண்டு எழுதியிருந்தாள்:

"விடிஞ்ச பிறகு உம்மா வாளித் தண்ணிய முருங்கைக்கு ஊத்தினாங்க. அப்பதான் கதைச்சாங்க."

வாளி சரியாக வந்திருந்தது. அன்று இரவு முழுவதும் பேசாமல் இருந்த அந்தத் தாய் விடிந்ததும் பேசினார் என்பதை அவள் பார்த்திருக்கிறாள். நான் கேட்டிருக்காவிட்டால் அது அவளுக்குள்ளேயே இருந்திருக்கும்.

இனி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கொப்பிக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 34 கொப்பிகளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். ஒவ்வொரு கதைக்கும் எல்லோருக்கும் எழுத என்னால் முடியவில்லை. அவசரமாக எழுதினால் மறுபடி "அருமை"யில்தான் வந்து நின்றேன். ஆகவே ஒரு கதைக்குப் பதினொரு, பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் எழுதினேன். மற்றவர்கள் எழுதும்போதே பக்கத்தில் குனிந்து வாயால் சொன்னேன். மூன்று கதைகளுக்குள் எல்லோருக்கும் ஒரு தடவை எழுத்தில் கிடைத்துவிடும்.

எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிவதும் இல்லை. அடுத்த கதையைத் தொடங்குமுன் எல்லோரும் போன பக்கத்தைத் திறந்து, தங்கள் இலக்கின் மீது விரலை வைத்து, பக்கத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் போதும். இதைச் செய்யாத நாட்களில் என் இலக்குகளை யாரும் தொட்டும் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை இரண்டு கதைகளிலும் இலக்கை முயன்று பார்க்கவே இல்லை என்றால், இலக்கு பெரிது என்று அர்த்தம், அதைப் பாதியாக்குவேன். முதல் தடவையிலேயே யோசிக்காமல் செய்துவிட்டாள் என்றால் அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தது, வேறொன்று கொடுப்பேன்.

இந்தக் கட்டத்தில் ஒரு தாய் கொப்பியோடு வந்தார். "டீச்சர், பிழையெல்லாம் அப்படியே இரிக்கே. நீங்க பார்க்கல்லயா? இன்னும் இரண்டு வருஷத்தில ஸ்கொலர்ஷிப் வருது" என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அந்தப் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. பிழையோடு எழுதிப் பழகிவிட்டால் பிறகு யார் திருத்துவது என்பது நியாயமான கேள்வி.

நான் அவருக்கு என்னுடைய சின்னக் குறிப்புப் புத்தகத்தைக் காட்டினேன். கதைகளை வாசிக்கும்போது பிள்ளைகள் தடுமாறும் சொற்களை அதில் குறித்துக்கொள்வேன். மழை, இரவு, கூரை, வாழைப்பழம், கிழமை. நம் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன, ரகரமும் றகரமும் அப்படித்தான். காதை நம்பி எழுதினால் பிழைக்கும், கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். அதனால் ஒவ்வொரு கிழமையும் ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி, பார்த்து எழுதி, மறைத்து எழுதி, கடைசியில் சொல்வதெழுதுதல் வைப்பேன். அதில் பிழை விட்டால் சிவப்புப் பேனாவுக்கு வேலை உண்டு. எழுத்துக்கூட்டலை நாங்கள் கைவிடவில்லை, அதற்கு வேறு நேரம் வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். ஒரே பக்கத்தில் 17 பிழைகளையும் காட்டினால் பிள்ளை ஒன்றையும் கற்பதில்லை, கிழமைக்கு ஐந்து சொல் என்றால் ஐந்தையும் கற்கிறாள்.

"அப்ப நான் வீட்டில என்ன செய்யணும்?" என்று கேட்டார். கதையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். காதால் கேட்கும்போது "மளை"யும் "மழை"யும் ஒன்றுதான், கதை மட்டும்தான் கேட்கும். பிடித்த ஓர் இடத்தைச் சொல்லுங்கள். பிறகு, "டீச்சர் என்ன இலக்குத் தந்தாங்க?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். அழிறப்பரோடு பக்கத்தில் இருக்க வேண்டாம். அவர் முழு மனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த கிழமை பாடசாலை விடும் நேரத்தில் கேற்றடியில் என்னைக் கண்டு, "நேற்று மகள்ட கதையக் கேட்டு அவட வாப்பாவும் சிரிச்சாரு டீச்சர்" என்றார்.

குறிப்புக்குக் கீழே புள்ளி போட வேண்டாம் என்பதும் டீச்சரின் கண்டிப்பு. பத்துக்கு ஆறு என்று ஓர் இலக்கம் இருந்தால், பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கொப்பியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள், கீழே உள்ள வரிகளை யாரும் வாசிப்பதில்லை. இதையும் பின்னர் படிப்பில் கண்டேன். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நம் பிள்ளைகளைவிட மூத்த, ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு மூன்று விதமாகப் பின்னூட்டல் கொடுத்துப் பார்த்திருக்கிறார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் தொடர்ந்து ஆர்வத்தோடு முன்னேறினார்கள். புள்ளி மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடமும் அது இருக்கவில்லை.

இந்த முறையால் எல்லாம் சரியாகிவிடவில்லை. என் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு எழுத்துக்களே இன்னும் பிடிபடவில்லை. அவர்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதிப் பயனில்லை. பக்கத்தில் இருந்து, அவர்கள் வாயால் சொல்லும் கதையை நான் எழுதி, அதிலிருந்து ஒரு சொல்லை மட்டும் அவர்களை எழுத வைத்தேன். அந்த ஒரு சொல்தான் அவர்களுடைய சின்ன இலக்கு. நான் போகும்வரை ஒருத்தி முழு வசனம் எழுதவில்லை.

மழைக் கதைப் பிள்ளையும் பழையபடி எழுத உடனே தொடங்கிவிடவில்லை. அடுத்த இரண்டு கதைகளிலும் பாதி வசனங்கள் "எனது பாடசாலை அழகானது" என்ற மாதிரியே இருந்தன. சந்தேகமான சொல் வரும்போது என் முகத்தைப் பார்ப்பாள். மூன்றாவது கதையில்தான் "மூத்தம்மாட கண்ணாடி" என்று எழுதினாள். வீடு முழுவதும் தேடிய கண்ணாடி மூத்தம்மாவின் தலையிலேயே இருந்த கதை அது. ஒன்பது இடத்தில் பேச்சுச் சொற்கள் இருந்தன. அவற்றில் ஒன்றையும் நான் வட்டமிடவில்லை. "எல்லோரும் கட்டிலுக்குக் கீழே தேடும்போது மூத்தம்மாவும் குனிந்து தேடினார் என்று வாசித்ததும் சிரித்துவிட்டேன்" என்று எழுதினேன். இலக்கு வரியில், "அடுத்த கதையில் 'எண்டு' வரும் ஓரிடத்தில் 'என்று' என எழுதிப் பாருங்கள்" என்று கேட்டேன். அவள் தயாராகிவிட்டாள் என்று அப்போது தெரிந்தது.

பெறுபேறு வந்து நான் விடைபெற்ற நாளில், கொப்பிகளைப் பழைய ஆசிரியையிடம் ஒப்படைக்க அடுக்கினேன். அந்தப் பிள்ளையின் கொப்பியைத் திறந்தேன். முதல் பக்கத்தில் அந்த 17 வட்டங்களும் அப்படியே இருந்தன. அதற்கு மேலே, நான் கொடுத்த வெள்ளைத் தாளை அவள் பசை பூசி ஒட்டியிருந்தாள். நான்கு மூலையிலும் பசை வழிந்து காய்ந்திருந்தது. தாளின் கீழ் ஓரத்தில் ஒரு பாதி வட்டம் மட்டும் இன்னும் வெளியே தெரிந்துகொண்டிருந்தது.